லைனிங் வைத்த ரெடிமேட் டாப்: உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குவது

"ஓணத்துக்கு பாலக்காட்டில் எடுத்த லைனிங் வெச்ச டாப், ரெண்டாவது தடவை போட்டப்பவே கைக்குழி கிட்ட விட்டுடுச்சு. கொஞ்சம் பிரிச்சு லூஸ் பண்ணித் தாங்கன்னு டெய்லர் கிட்ட கொண்டு போனா, உள்ள துணியே இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டார். அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம், இந்தத் தடவை கோயமுத்தூர் போறோம். கடையிலேயே எதைப் பார்த்து வாங்கணும்?"

தையல் விட்டதும், பிரித்து விடத் துணி இல்லாமல் போனதும் இரண்டு குறை இல்லை. அநேகமாக ஒரே குறைதான். தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணி குறைவாக இருந்தால் பிரித்து விடவும் வழியில்லை, வழவழப்பான துணியாக இருந்தால் தையலும் தாங்காது. நான் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஓணத்துக்குப் பாலக்காட்டில் எடுப்பார்கள், தீபாவளிக்குக் கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவுக்கும் கிராஸ் கட் ரோட்டுக்கும் போவார்கள். பண்டிகை முடிந்த கையோடு அதில் ஒரு பங்கு ஆல்ட்ரேஷனுக்கு என் மேசைக்கு வந்துவிடும். ஆகவே நான் சொல்வது பிரித்துப் பார்த்த துணியிலிருந்து தெரிந்தது. பனியன் துணி வேறு கணக்கு, அதற்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. கல்யாணத்துக்கு எடுக்கும் சில்க், சாட்டின், ஜார்ஜெட், காட்டன் போன்ற நெய்த துணியில் லைனிங் வைத்த டாப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, டாப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவது. வெளிப்பக்கத்து எம்ப்ராய்டரியைப் பத்து நிமிஷம் பார்ப்பவர்கள் உள்பக்கத்தை அரை நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை. கடைப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத் திருப்புங்கள், பாலக்காட்டுக் கடையென்றால் "சேச்சி, ஒந்நு மறிச்சு நோக்கட்டே" என்றால் போதும், யாரும் தடுக்க மாட்டார்கள்.

திருப்பியதும் எல்லாரும் செய்வது, பக்கவாட்டில் கீழே ஸ்லிட் இருக்கும் இடத்தைப் பிடித்துப் பார்ப்பது. அங்கே முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் துணி மடித்து அடித்திருக்கும். "பரவாயில்லை, நிறைய துணி விட்டிருக்கிறார்கள்" என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். ஸ்லிட்டை மடிப்பதற்காக அந்த இடத்தில் எப்படியும் துணி விட்டே ஆக வேண்டும், அது உங்களுக்காக விட்டது இல்லை. ஸ்லிட் முடியும் இடத்துக்கு மேலே, இடுப்பு தாண்டி, மார்பு வரை, அக்குள் வரை விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். பல டாப்களில் ஸ்லிட்டில் ஒரு இஞ்ச் இருக்கும் துணி மேலே போகப்போக ஒடுங்கி, அக்குளில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வந்து நிற்கும். பிரித்து விட வேண்டி வருவதும் அங்கேதான், தையல் விடுவதும் அங்கேதான்.

ஏன் அப்படி ஒடுங்குகிறது என்றால், ஃபாக்டரியில் தைப்பதும் ஓரம் அடிப்பதும் பெரும்பாலும் ஒரே மெஷினில் நடக்கிறது. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கும். தைத்துக்கொண்டே மிச்சத் துணியை வெட்டித் தள்ளிவிடும். அப்படி வெட்டினால் தையலுக்கு உள்ளே சுமார் ஒரு சென்டிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி, நிற்கும். மெஷினில் இருப்பவர் அவசரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டினால் அதுவும் இருக்காது. அளவு கொடுத்துத் தைக்கும் கடைகளில் பக்கத்தில் ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் விடுவது வழக்கம், நாளைக்கு ஆள் கொஞ்சம் சதை போட்டால் நம்மிடம்தானே வருவார்கள் என்று. ரெடிமேடில் அந்தக் கவலை யாருக்கும் கிடையாது. ஒரு டாப்புக்கு மிச்சமாகும் இரண்டு இஞ்ச் துணி, ஆயிரக்கணக்கில் வெட்டும்போது பெரிய காசு. அதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்து விலை மதிப்பது நம் வேலை.

ஓவர்லாக்கிலும் வித்தியாசம் உண்டு. ஓரத்தில் நூல் வளைந்து வளைந்து பின்னியிருப்பது ஓவர்லாக். அதற்கு உள்பக்கமாக, துணியில் தனியாக ஒரு நேர்கோட்டுத் தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். நேர்கோடு இருந்தால் துணிகளைச் சேர்த்துப் பிடிப்பது அந்தக் கோடு, ஓவர்லாக் வெறும் ஓரக் காவல். நேர்கோடு இல்லாமல் ஓர வளையல் நூல் மட்டுமே இரண்டு துணியையும் பிடித்துக்கொண்டிருந்தால், நெய்த துணியில் அது போதாது. அக்குளில் அப்படி இருந்தால் நான் அந்த டாப்பை அங்கேயே வைத்துவிடுவேன். நேர்கோடு இருந்தால் அதையும் இரண்டு பக்கமும் பாருங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி தெரிந்தால் சாதாரணத் தையல் மெஷின் தையல், ஒரு இடத்தில் அறுந்தாலும் அவ்வளவு சுலபத்தில் உருவிக்கொண்டு வராது. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சங்கிலி மாதிரி கண்ணிகளாகவும் இருந்தால் அது செயின் தையல். செயின் தையல் இழுப்புக்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும், கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நூல் முனை ஒன்று தொங்கி, அதைத் தப்பான பக்கத்திலிருந்து இழுத்துவிட்டால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே உள்ளே தொங்கும் நூலைக் கையால் இழுக்கவே கூடாது, கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். டாப் போட்டு இரண்டாம் நாளே விட்டுப் போனது என்று வருகிறவற்றில் இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் பழைய டாப்புக்கு என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். அந்த டாப்பைக் கண்ணால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டில் இருந்தால் விட்டுப்போன இடத்தை நீங்களே பாருங்கள். நூல் அறுந்து, துணியின் ஓரம் அப்படியே நேராக இருந்தால் அது தையல் குறை, திருப்பி அடித்தால் சரியாகிவிடும். நூல் அறுபடாமல் இருக்க, தையலுக்குப் பக்கத்தில் துணியின் இழைகள் விலகி, நீள நீளமாக நூல்கள் மட்டும் ஏணிப்படி போலத் தெரிந்தால் அது துணி நழுவியது. சாட்டின், ஷிஃபான், மெல்லிய சில்க் மாதிரி வழுக்கும் இழையில் நெய்த துணிகளில் இதுதான் அதிகம். ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள நாலைந்து இழைதான் மிச்சம் என்றால், கையைத் தூக்கும்போது அந்த இழைகள் ஒவ்வொன்றாகத் தையலைத் தாண்டி வழுக்கி வெளியே வந்துவிடும். அதை எந்த டெய்லர் திருப்பி அடித்தாலும் இன்னும் உள்ளே தள்ளித்தான் அடிக்க வேண்டும், டாப் மேலும் இறுகிவிடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல் வைத்து, இரண்டையும் வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து, விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பலமாக இழுக்க வேண்டாம், போட்டுக்கொண்டு பஸ் கம்பியைப் பிடிக்கும்போது எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு போதும். இரண்டு துணிக்கும் நடுவே தையல் நூல் பல்லிளித்துக்கொண்டு தெரிந்து, விட்டதும் மூடிக்கொண்டால், நூலின் இறுக்கம் குறைவு. அழகாக இருக்காதே தவிர உடனே கிழியாது. ஆனால் தையலுக்குப் பக்கத்தில் துணியே சன்னமாகி, ஊசித் துளைகள் நீண்டு, விட்ட பிறகும் அந்த வெளிச்சக் கோடு போகாமல் நின்றால், அந்தத் துணி நழுவும் ஜாதி. உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் உடம்போடு ஒட்டின சைஸில் அதை வாங்கக்கூடாது. ஒரு சைஸ் பெரியதாக எடுத்து இடுப்பில் பிடித்துக்கொள்வது அந்த மாதிரி துணிக்கு ஒரே வழி. இரண்டு அக்குளிலும், முதுகில் ஜிப் ஆரம்பிக்கும் இடத்திலும் பார்த்தால் போதும். மற்ற இடங்களில் அவ்வளவு இழுப்பு கிடையாது.

தையலின் நெருக்கத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. அதைத் தையல் கோட்டின் மேல் வைத்து எத்தனை தையல் மறைகிறது என்று எண்ணுங்கள். சாதாரண டாப் துணிக்கு 10 முதல் 13 வரை இருந்தால் சரி. ஏழு, எட்டு என்றால் வேலையைச் சீக்கிரம் முடிக்க நீளத் தையல் வைத்திருக்கிறார்கள். நெருக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ரொம்பவும் நெருக்கமானதைத் தேட வேண்டாம், மெல்லிய சில்க்கில் அது வரிசையாகத் துளை போட்ட காகிதமாகி அந்தக் கோட்டிலேயே கிழிய வழி செய்யும்.

இனி லைனிங். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மேல்துணியில் உள்ளே நிறைய விட்டிருந்து லைனிங்கில் விடாமல் இருப்பது சர்வசாதாரணம். பக்கத் தையலில் மேல்துணியும் லைனிங்கும் சேர்ந்து ஒன்றாக அடிக்கப்பட்டிருக்கிறதா, இல்லை தனித்தனியாகத் தொங்குகிறதா என்று கையை நடுவே விட்டுப் பாருங்கள். சேர்த்து அடித்திருந்தால் நாலு துணிகளின் ஓரமும் ஒன்றாகத் தெரியும், எது குறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. தனித்தனியாக இருந்தால் மேல்துணியின் தையலையும் லைனிங்கின் தையலையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். மேலே ஒரு இஞ்ச் இருந்து லைனிங்கில் காலே அரைக்கால் இஞ்ச் இருந்தால், பிரித்து விட்டாலும் லைனிங் உங்களைப் பிடித்துக்கொண்டு விடாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் தங்கைக்கு மார்பு 39 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். இழுபடாத துணியில் தைத்த டாப், கையைத் தூக்கி இறக்க, உட்கார, ஆள் அளவைவிடக் குறைந்தது இரண்டு இஞ்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்படியென்றால் டாப் 41 வேண்டும். கடையில் பிடித்த டாப்பைத் தட்டையாகப் போட்டு, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளந்தால் 20 இஞ்ச் வருகிறது, சுற்றளவு 40. ஒரு இஞ்ச் குறைகிறது. பக்கத் தையல் இரண்டு, ஒவ்வொன்றிலும் முன்பக்கத் துணி ஒன்று, பின்பக்கத் துணி ஒன்று, ஆக நாலு ஓரம். உள்ளே ஒவ்வொரு ஓரத்திலும் முக்கால் இஞ்ச் விட்டிருந்தால், புதுத் தையலுக்குப் பின்னால் அரை இஞ்ச் பத்திரமாக நிறுத்திக்கொண்டு கால் இஞ்ச் எடுக்கலாம். நாலு ஓரத்துக்கும் சேர்த்து ஒரு இஞ்ச், டாப் 41 ஆகிவிடும். அதே டாப்பில் உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, 42 சைஸைக் கேட்டு வாங்குவதே மேல். பெரியதைச் சின்னதாக்குவது எந்த டெய்லராலும் முடியும். சின்னதைப் பெரியதாக்க துணி வேண்டும்.

இன்னொன்று, உள்ளே துணி இருந்தும் பிரித்து விட முடியாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. உள்ளே விட்ட துணியில் ஃபாக்டரியில் அங்கங்கே சின்னதாகக் கத்தரித்து அடையாளம் வைத்திருப்பார்கள். அந்த வெட்டு பழைய தையல் கோட்டுக்கு அருகில் வரை போயிருந்தால், பிரித்து விடும்போது அது வெளியே வந்து ஓட்டையாகத் தெரியும். சில்க்கிலும் சாட்டினிலும் பழைய தையலின் ஊசித் துளை இஸ்திரி போட்டாலும் மறையாமல் ஒரு கோடாக நிற்கும். பக்கத்தைப் பிரித்தால் கையின் அடித் தையலையும் அதே அளவு பிரித்தாக வேண்டும், ஆகவே கையின் உள்ளேயும் அதே அளவு துணி இருக்க வேண்டும். கையில் பார்டர் அடித்து முடித்திருந்தால் வேலையும் கூடும், கூலியும் கூடும்.

லைனிங்கின் கீழ் ஓரம் மேல்துணியோடு சேர்த்து மடித்து அடிக்கப்பட்டிருந்தால் யோசியுங்கள். காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். மேல்துணி பாலியஸ்டர் ஜார்ஜெட் என்றால் அது சுருங்காது. 44 இஞ்ச் நீள டாப்பில் லைனிங் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால்கூட ஒரு இஞ்சுக்கு மேல் குட்டையாகிவிடும், கீழே மேல்துணி பலூன் போல உப்பி நிற்கும். கீழே தனியாகத் தொங்கவிட்டு, மேல்துணியைவிட ஒரு இஞ்ச் குட்டையாக மடித்திருக்கும் லைனிங்தான் நல்லது, அது சுருங்கினாலும் வெளியே தெரியாது. அகலத்தில் சுருங்குவது பெரும்பாலும் நீளத்தைவிடக் குறைவு, ஆனாலும் லைனிங்கின் மார்பளவு மேல்துணியைவிட இறுக்கமாக இருந்தால் துவைத்த பிறகு மூச்சு முட்டும். டாப்பைத் தட்டையாகப் போட்டு லைனிங்கையும் தனியே அளந்துவிடுங்கள். அடர் நிற லைனிங் என்றால், வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி உள்ளே தையல் மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வியர்வையிலும் ஏறும், நம் பக்கத்து வெயிலில் வெளிர் நிற உள்ளாடை முதல் நாளே போய்விடும்.

பட்டன் விஷயம் சின்னது. பொட்லி பட்டன் வரிசையாக வைத்திருந்தால் முதலில் அது திறக்கிற பட்டனா, சும்மா அழகுக்கா என்று பாருங்கள். அழகுக்கு என்றால் தலை வழியாகத்தான் போட வேண்டும், கழுத்து போதுமா என்று போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். திறக்கிற பட்டன் என்றால் பட்டன் பட்டியைத் திருப்பி, ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் நூல் முடிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பட்டன் மெஷின் பெரும்பாலும் ஒற்றை நூலில் கண்ணி போட்டுத் தைக்கும், பின்னால் அரை இஞ்ச் வால் தொங்கினால் அந்த வாலை யாரோ இழுத்த அன்று பட்டன் கையோடு வரும். இதற்காக டாப்பை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் ஊசி நூலால் நாலு சுற்று போட்டால் தீர்ந்தது. காஜாதான் சரிசெய்யக் கஷ்டமானது. காஜாவின் நடுவில் துணி நார் நாராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது பட்டன் ஒரே தள்ளில் வழுக்கிப் போனால், நாளடைவில் அது தானாகத் திறந்துகொள்ளும். பட்டன் பட்டிக்குள் கேன்வாஸ் ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியும், மேல்துணியைவிட அங்கே கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது மார்பின் முழு அகலத்துக்கு நேரே ஒரு பட்டன் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டு பட்டன்களுக்கு நடுவே அந்த இடம் வந்தால் எவ்வளவு சரியான அளவாக இருந்தாலும் வாய் பிளக்கும்.

ட்ரையல் ரூமில் நேராக நின்று கண்ணாடி பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள், ஸ்டூல் இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். முதுகில் குறுக்கே வரி விழுந்தால் இறுக்கம், அக்குளில் இழுத்தால் அந்தத் தையல்தான் முதலில் போகும். பின்னால் நின்று இன்னொருவர் பார்ப்பது நல்லது.

இவ்வளவு பார்த்தாலும் கடையில் தெரியாதவை உண்டு. லைனிங்கைச் சுருக்கி எடுத்த பிறகு தைத்தார்களா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, விற்பவருக்கும் அது தெரிந்திருக்காது. தையல் நூல் எத்தனை துவைப்பு தாங்கும் என்பதும் அப்படித்தான். கைக்குட்டையில் நிறம் ஏறவில்லை என்பதற்காகச் சோப்பில் நிறம் போகாது என்று அர்த்தமில்லை. பில்லை மாற்றும் தேதி முடியும் வரை பத்திரமாக வைத்துக்கொள்வதும், அதுவரை லேபிளை வெட்டாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

வாங்கி வந்த பிறகு ஒரு விஷயத்தில் வரிசை முக்கியம். லேபிளில் ட்ரை க்ளீன் மட்டும் என்று போட்டிருந்தால் தண்ணீரில் போடாமல் நேரே டெய்லரிடம் கொடுங்கள். துவைக்கலாம் என்று போட்டிருந்தால், அளவு திருத்தும் முன்பு ஒரு தடவை சாதாரணத் தண்ணீரில் நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு அப்புறம் கொண்டு போங்கள். லைனிங் சுருங்குவதெல்லாம் அதில் சுருங்கிவிடும், டெய்லர் அதன் பிறகு அளந்து அடிப்பதுதான் நிற்கும். அவரிடம் கொடுக்கும்போது இரண்டு அக்குளிலும் நேர்கோட்டில் இன்னொரு தையல் போட்டுத் தரச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலைதான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறதே என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். முகூர்த்த மாதத்தில் எந்தத் தையல்காரரும் அவசர ஆல்ட்ரேஷனைக் கையில் வாங்க மாட்டார், நானும்தான்.